ஒரு காரட்டுக்கு ரவுண்டா, ஓவலா, பிரின்சஸா?

"நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஒரு காரட் வைரம் பார்க்கிறோம். ரவுண்டு, ஓவல், பிரின்சஸ் மூன்றில் எது நன்றாக மின்னும், எது பெரிதாகத் தெரியும், எது விலை குறைவு?"

மின்னுவதில் ரவுண்டு, பெரிதாகத் தெரிவதில் ஓவல், விலையில் பெரும்பாலும் பிரின்சஸ். ஆனால் காரட் என்பது எடை, அளவு அல்ல (1 காரட் 0.2 கிராம்), அதனால் கடையில் முதலில் மில்லிமீட்டர் எவ்வளவு என்று கேளுங்கள்.

நன்றாக வெட்டிய ஒரு காரட் ரவுண்டு சுமார் 6.4 மி.மீ. விட்டம் இருக்கும். ஓவல் 7.7க்கு 5.7 அளவில் வரும். மேற்பரப்பைக் கணக்குப் போட்டால் ஓவல் கொஞ்சம்தான் கூடுதல், ஆனால் நீளமாக இருப்பதால் விரலில் நன்றாகவே பெரிதாகத் தெரியும். பிரின்சஸ் சுமார் 5.5 மி.மீ. சதுரம், ஆழமாக வெட்டுவதால் எடையில் நல்ல பங்கு அடியில் போய்விடும், மேலிருந்து மூன்றிலும் சிறியது இதுதான்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் கச்சா வைரம். எண்முகமாகக் கிடைக்கும் கல்லை அறுத்து வட்டமாக்கும்போது பாதிக்கு மேல்கூடத் தூளாகப் போகலாம், பிரின்சஸில் சேதாரம் அதைவிடக் குறைவு, அப்புறம் ரவுண்டுக்குக் கிராக்கியும் அதிகம். ஓவலும் ரவுண்டைவிடக் குறைவுதான், ஆனால் இப்போது ஃபேஷனில் இருப்பதால் பெரிய தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். ரவுண்டேதான் வேண்டும், பட்ஜெட் இடிக்கிறது என்றால் 90 சென்ட், அதாவது 0.9 காரட் சுமாருக்குப் பாருங்கள். முழு ஒரு காரட்டைத் தொட்டதும் காரட் விலையே ஒரு படி ஏறிவிடும், விட்டத்தில் குறைவதோ 0.2 மி.மீ.தான்.

ஓவலில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். வைரங்களைத் தரம் பார்க்கும் ஜிஐஏ நிறுவனத்தின் சான்றிதழில் ரவுண்டுக்கு இருப்பதுபோல் ஓவலுக்கு வழக்கமாக 'கட்' தரம் இருக்காது. பல ஓவல்களின் நடுவே 'போ டை' போல ஒரு கறுப்பு நிழல் குறுக்கே கிடக்கும், அதையும் சான்றிதழ் சொல்லாது. குனிந்து பார்க்கும் நம் தலையே வெளிச்சத்தை மறைத்து, அந்த இடத்துப் பட்டைகளில் இருட்டாகத் தெரிவதுதான் அது. நகைக்கடை ஸ்பாட்லைட்டில் எந்தக் கல்லும் ஜொலிக்கும், அதனால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கையை நீட்டிப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிழல் வந்து வந்து போனால் பரவாயில்லை, எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே நின்றால் வேண்டாம். ஓவலின் இரு முனைகளிலும் மஞ்சள் சாயல் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், அதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

நான் சொல்வது, கல்லை நேரில் பார்த்து வாங்குவதென்றால் ஓவல், சான்றிதழை மட்டும் நம்பி ஆன்லைனில் வாங்குவதென்றால் ரவுண்டு. பிரின்சஸ், சதுரம் உண்மையிலேயே பிடித்தால் மட்டும். அதன் நான்கு மூலைகளும் எங்காவது இடித்தால் உடையக்கூடியவை, அதனால் மூலைகளை 'வி' வடிவில் மூடிப் பிடிக்கும்படி கட்டச் சொல்லுங்கள், பதிப்பதற்கு முன்பே மூலைகளை லென்ஸில் பார்த்துவிடுங்கள், பதித்த பிறகு பழைய உடைசல் அந்தத் தங்கத்துக்குள் மறைந்துவிடும்.