போன வருஷத்து எஸ்.ஓ.பி.யை மூடி வை

கேள்வி: நான் எம்.எஸ்சி. மண்ணியல் முடித்தவள். போன டிசம்பரில் அமெரிக்காவில் நாலு பல்கலைக்கழகங்களுக்கு பிஎச்.டி. விண்ணப்பம் போட்டேன். நாலும் கைவிரித்துவிட்டன, காரணம் சொல்லவில்லை. இந்த வருஷம் மறுபடி போடுகிறேன். எதற்காகப் படிக்க வருகிறேன் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் அறிக்கையான எஸ்.ஓ.பி.யைப் பார்த்துவிட்டு, சென்னையில் இருக்கும் அண்ணன், “எஸ்.ஓ.பி. நல்லாத்தான் இருக்கு, வருஷத்தையும் யூனிவர்சிட்டி பேரையும் மாத்தி, கடைசியில ஒரு பாரா சேர்த்தா போதும்” என்கிறான். போன வருஷம் எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் கவலை நடுவில் போன வருஷம்தான். அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதால் வீட்டிலிருந்து வயலைப் பார்த்தேன். ஆராய்ச்சி என்று எதுவும் செய்யவில்லை. போர் தண்ணீர் உப்பாகிறதா என்று வாரம் ஒரு தரம், மின்கடத்துதிறனை வைத்து உப்பின் அளவைக் காட்டும் ஈ.சி. மீட்டர் வைத்து நோட்டில் குறித்தேன், அவ்வளவுதான். செப்டம்பரில் வாய்க்காலில் தண்ணீர் வந்த மூணு வாரத்தில், மழைக்கு முன்னாடியே, 3.1 இருந்தது 1.9 ஆகிவிட்டது. அப்பாவுக்கு நிம்மதி. வீணாய்ப் போன இந்த வருஷத்தை எப்படி மறைத்து எழுதுவது?
— பெயர் வேண்டாம், திருத்துறைப்பூண்டி பக்கம்

பதில்: வீணாய்ப் போன வருஷம் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது, மகளே? அப்பா படுக்கையில் கிடந்தபோது வயலை நீ ஒருத்தியாகத் தாங்கியிருக்கிறாய். பெற்றவருக்குச் செய்ததை வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய இடைவெளி என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. நீயாக நினைத்துக்கொள்கிறாய். இந்த எண்ணம் முதலில் போகட்டும்.

அடுத்தது, போகிற போக்கில் நீ எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரி. மழைக்கு முன்னாடியே உப்பு இறங்கியது என்கிறாய். மண்ணியல் படித்தவள் அதை அப்பாவின் நிம்மதியோடு முடித்துவிட்டாயே, அது எனக்குத் தாங்கவில்லை. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடிப்பது பெரும்பாலும் அக்டோபர் பிற்பாதியில். மழைதான் நிலத்தடி உப்பைக் கரைத்துக் கீழே தள்ளுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். உன் நோட்டு வேறு கதை சொல்கிறது. ஏன்?

எனக்கு மூன்று காரணங்கள் தோன்றுகின்றன. மேட்டூர் தண்ணீர் கடைமடை வந்து வாய்க்காலில் ஓடியதும், கரையிலும் தரையிலும் கசிந்து உன் போருக்கு நல்ல தண்ணீர் ஊறியிருக்கலாம். அப்படி இல்லாமல், வாய்க்கால் தண்ணீர் வந்ததால் ஊரில் எல்லோரும் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். இறைப்பு நின்றால், கீழேயிருந்து மேலே இழுபட்டுக்கொண்டிருந்த உப்புத் தண்ணீர் தானாகக் கீழே இறங்கிவிடும். மூன்றாவது, மீட்டரே தப்பாகக் காட்டியிருக்கலாம். 1.413 டெசிசீமன்ஸ் காட்ட வேண்டிய அந்தச் சோதனைத் திரவத்தில் முக்கிச் சரிபார்த்தாயா? மோட்டார் போட்டதும் வந்த முதல் தண்ணீரைப் பிடித்தாயா, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்தாயா? இதற்கெல்லாம் உன்னிடம் பதில் இருக்கும், நோட்டைப் புரட்டு.

முதல் காரணம் சரி என்றால், மண்வாய்க்கால் நம் கடைமடைக்குப் பாசனம் மட்டும் தரவில்லை, உப்பையும் தடுத்து வைத்திருக்கிறது என்று ஆகும். கல்லணைக் கால்வாயில் கான்கிரீட் தரை போட வந்தபோது, நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் எதிர்த்தது உனக்கு நினைவிருக்கும். இரண்டாவது காரணம் சரி என்றால், பேச வேண்டியது வாய்க்காலைப் பற்றி அல்ல, மோட்டாரைப் பற்றி. இரண்டையும் பிரித்துப் பார்க்க நாலைந்து வருஷம் வேண்டும், வாய்க்காலிலிருந்து தள்ளித் தள்ளிப் பல போர்கள் வேண்டும், தண்ணீரின் வேதியியல் தெரிந்த ஒரு வழிகாட்டி வேண்டும். பிஎச்.டி. என்பது இதற்குத்தான். போன வருஷம் உன் கையில் இப்படி ஒரு கேள்வி இல்லை. இப்போது இருக்கிறது.

சரி, உன் பழைய எஸ்.ஓ.பி.க்கு வருகிறேன். முழுக்கப் படித்தேன். “நெற்களஞ்சியமாம் தஞ்சைத் தரணியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குச் சின்ன வயதிலிருந்தே மண்மீது பற்று” என்கிற பொருளில் தொடங்குகிறாய். டெல்டாவிலிருந்து விவசாயம் படிக்கப் போகிற எந்தப் பிள்ளையும் இந்த வரியில் கையெழுத்துப் போடலாம். அப்புறம் மதிப்பெண். அப்புறம் ஒரு பக்கத்துக்கு நெல்லில் துத்தநாகக் குறைபாடு, உன் எம்.எஸ்சி. ஆய்வு. கடைசியில் நிலையான வேளாண்மைக்குப் பணியாற்ற ஆசை, உங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகம் அதற்குச் சரியான இடம்.

இதன் அடியில் அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பாரா சேர்த்துப் பார். தேர்வுக்குழுவில் இருக்கும் பேராசிரியர் ஒரு பக்கம் துத்தநாகம் படிக்கிறார். திடீரென்று ஆறு வரியில் உப்பு வருகிறது. உடனே மறுபடி நிலையான வேளாண்மை. இந்தப் பெண் எதைத்தான் ஆராய வருகிறாள் என்று அவருக்குப் புரியாது. யாரிடம் சேர விரும்புகிறாய் என்று நீ எழுதிய இரண்டு பேராசிரியர்களும் நுண்ணூட்டச் சத்துக்காரர்கள். உப்பைப் பற்றி எழுதிவிட்டு அவர்கள் பெயரை அப்படியே விட்டால், அவர்கள் வேலையை நீ படிக்கவே இல்லை என்று தெரிந்துவிடும். கேள்வி மாறினால் வழிகாட்டி மாறுவார், வழிகாட்டி மாறினால் எந்தப் பல்கலைக்கழகம் என்பதே மாறும், உன் துத்தநாக வேலையிலிருந்து எதைச் சொல்ல வேண்டும் என்பதும் மாறும். ஒரு பாராவில் இது அடங்காது.

இன்னொன்று. மறுபடி போட்டவர்களிடம், முன்பு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று பல விண்ணப்பப் படிவங்கள் நேராகவே கேட்கின்றன. சில துறைகள் பழைய கோப்பையும் எடுத்துப் பார்க்கும். அதே வாக்கியங்கள் திரும்ப வந்தால், ஒரு வருஷத்தில் இவளிடம் எதுவும் நகரவில்லை என்றுதான் அர்த்தம். நகர்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் பழைய கோப்பை மூடி வை. பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால், அந்த வாக்கியங்கள் உன்னை இழுத்துக்கொண்டே இருக்கும். அழகாக எழுதிய வரியை விட யாருக்கும் மனசு வராது, அதை வைத்துக்கொள்ள ஒரு சாக்குக் கண்டுபிடிப்போம். வெறும் தாளில் தமிழிலேயே எழுது. என்ன பார்த்தேன், அதற்கு என்னென்ன காரணம் இருக்கலாம், எது எனக்குத் தெரியாது, அதைக் கண்டுபிடிக்க என்ன கற்க வேண்டும், அதை யார் கற்றுத்தருவார். இந்த வரிசையில் இரண்டு பக்கம் வந்த பிறகு ஆங்கிலத்தில் எழுது. அப்புறம் பழையதைத் திற. அதிலிருந்து ஆய்வுத் தலைப்பு, தேதி, நீ செய்த பரிசோதனை முறைகளின் பெயர் போன்ற தகவல்களை மட்டும் எடு. வாக்கியம் ஒன்றும் எடுக்காதே.

உன் தொடக்கம் இப்படி வரலாம்: “திருத்துறைப்பூண்டி அருகே எங்கள் வயலின் ஆழ்துளைக் கிணற்று நீரில் மின்கடத்துதிறன் செப்டம்பரில் 3.1 டெசிசீமன்ஸ். வாய்க்காலில் தண்ணீர் வந்து மூன்று வாரத்தில், பருவமழைக்கு முன்பே, 1.9. வாய்க்கால் கசிவா, இறைப்பு நின்றதா என்று ஒரு கிணற்றை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.” சின்ன வயதுப் பற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் யார் வீட்டுப் பிள்ளை, எந்த மண், எதைக் கவனிக்கிறவள் என்று எல்லாம் தெரிகிறது. துத்தநாகம் இதற்குப் பின்னால், நாலைந்து வரியில் வரட்டும். மாதிரி எடுக்கவும் ஆய்வகத்தில் பகுத்துப் பார்க்கவும் உனக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாக மட்டும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை, என்னால் சொல்ல முடியவில்லை என்பதை, தயவுசெய்து எடுத்துவிடாதே. ஒரே போர், ஒரே பருவம், ஒப்பிட வேறு கிணறு இல்லை. வாய்க்கால்தான் காரணம் என்று நிரூபித்தேன் என்று எழுதினால் படிப்பவர் அங்கேயே நிறுத்திவிடுவார். அதே மாதிரி, நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும் அளவு சுமார் 3 டெசிசீமன்ஸ் என்று பாடத்தில் படித்திருப்பாய். அது மண்சாற்றில் அளப்பது. நீ அளந்தது தண்ணீர். இரண்டையும் ஒன்றாகப் போட்டு, எங்கள் வயல் அழிவின் விளிம்பில் இருந்தது என்று எழுதிவிடாதே. முடிந்தால் இப்போதே வயலில் நாலு இடத்தில் மண் எடுத்து, உன் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு அளந்துவிடு.

அப்பாவின் ஆபரேஷனுக்கு ஒரு வாக்கியம் போதும். “தந்தையின் அறுவை சிகிச்சை காரணமாக இந்த ஆண்டு குடும்ப நிலத்தை நான் நடத்தினேன்.” நிறுத்து. அவர் வலியைக் காட்டி இரக்கம் கேட்பது உனக்கும் அழகில்லை, அவருக்கும் மரியாதை இல்லை.

புதிதாக எழுதிவிட்டால் இடம் கிடைத்துவிடுமா என்றால், அது வேறு கணக்கு. விவசாயத் துறைகளில் உன்னை எடுத்துக்கொள்ளும் பேராசிரியரிடம் அந்த வருஷம் ஆய்வு நிதி இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் நடக்காது. நாலு இடத்திலும் போனதற்கு அதுவேகூடக் காரணமாக இருந்திருக்கலாம். கடலோர உப்பு, நிலத்தடி நீர் ஊறுதல் ஆகியவற்றில் வேலை செய்கிறவர்களைத் தேடு. அவர்கள் சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையாவது படி. வரும் வருஷம் மாணவர் எடுக்கிறீர்களா என்று அக்டோபருக்குள் கேட்டு எழுது. உன் தொடக்கத்தின் அந்த மூன்று வரியே கடிதத்துக்கும் போதும். இல்லை என்று பதில் வந்தால் அந்த விண்ணப்பக் கட்டணம் மிச்சம்.

அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பா படுத்திருந்தபோது எத்தனை தடவை ஊருக்கு வந்தான்? நீ எழுதவில்லை, நானும் முடிவு கட்டவில்லை. ஆனால் அப்பா இருவருக்கும் அப்பா. நீ போனால் நிலத்தை யார் பார்ப்பது என்று அவனோடு உட்கார்ந்து இப்போதே பேசி முடி. ஆகஸ்டில் விமானம் ஏறுகிற சமயத்தில் அதைப் பேசினால், பெண்பிள்ளைதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஆகிவிடும். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

உனக்குப் பரிந்துரைக் கடிதம் தருகிறவர்களையும் மறக்காதே. போன வருஷத்துக் கடிதத்தை அவர்கள் அப்படியே மறுபடி ஏற்றிவிடுவார்கள். நீ உப்பைப் பற்றி எழுத, அவர்கள் துத்தநாகத்தைப் புகழ்ந்தால் இரண்டும் ஒட்டாது. புது எஸ்.ஓ.பி.யையும் நோட்டின் நகலையும் எடுத்துக்கொண்டு உன் ஆய்வு வழிகாட்டியை நேரில் போய்ப் பார். டிசம்பர் முதல் தேதி கெடு என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே போ. மீட்டரைச் சரிபார்த்தாயா என்று அவரும் கேட்பார்.