பிரேக்டவுன் ரெஜிஸ்டரிலிருந்து எம்டிபிஎஃப், எம்டிடிஆர் கணக்கிடுவது எப்படி?

"மெயின்டனன்ஸ் ரிப்போர்ட்டில் எம்டிபிஎஃப், எம்டிடிஆர் கேட்கிறார்கள். கையில் பிரேக்டவுன் ரெஜிஸ்டர் மட்டும்தான் இருக்கிறது. எப்படிப் போடுவது?"

ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவே மெஷின் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடியது என்பது எம்டிபிஎஃப். நின்றதைத் திரும்ப ஓட வைக்கச் சராசரியாக ஆன நேரம் எம்டிடிஆர். ஸ்கூட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை பஞ்சர் ஆகிறது என்பது முதலாவது, ஒட்டி முடிக்க எவ்வளவு நேரம் என்பது இரண்டாவது. டயரின் தரமும் பஞ்சர் கடையின் வேகமும் வேறு வேறு சங்கதி, அதனால்தான் இரண்டு எண்கள்.

ஒரு கம்ப்ரஸர், 30 நாள், மூன்று ஷிஃப்ட் என்றால் 720 மணி. திட்டமிட்ட சர்வீஸுக்கு நிறுத்திய 20 மணியை முதலில் கழியுங்கள். அது பழுது அல்ல. பழுது நான்கு முறை: 1, 1.5, 1.5, 16 மணி, மொத்தம் 20. ஓடியது 680 மணி.

```
MTBF = 680 / 4 = 170 மணி
MTTR = 20 / 4 = 5 மணி
```

சரி, அந்த 16 மணியைப் பாருங்கள். அதில் 14 மணி பேரிங் வரக் காத்திருந்தது. அதை நீக்கினால் எம்டிடிஆர் 1.5 மணிதான். குறை ஃபிட்டரிடம் இல்லை, ஸ்டோரில். 5, 1.5 என்ற இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள். ரெஜிஸ்டரில் நின்ற நேரம், வேலை தொடங்கிய நேரம், திரும்ப ஓடத் தொடங்கிய நேரம் மூன்றும் இருந்தால்தான் இதைப் பிரிக்க முடியும்.

அப்புறம், எம்டிபிஎஃப் 170 என்றால் 170 மணி வரை பழுதே வராது என்று பலர் நினைக்கிறார்கள். அது சராசரி மட்டுமே, அடுத்த பழுது பத்தாவது மணியிலும் வரலாம்.