உள் இலியாக் நாடியைக் கட்டிய பிறகு கருப்பைக்கு இரத்தம் எங்கிருந்து வரும்?

கேள்வி: டொக்டர், நாங்கள் களுவாஞ்சிக்குடி. நாலு மாசத்துக்கு முதல் தங்கச்சிக்கு சிசேரியன் செய்து, இரத்தம் நிற்கவே இல்லை. கருப்பையை எடுக்காமல் ரெண்டு பக்கமும் உள் இலியாக் நாடியைக் கட்டித்தான் காப்பாற்றினவங்க. டயக்னோசிஸ் காட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கு. நாடியைக் கட்டினால் உறுப்புகள் பழுதாகாதா? இன்னொரு பிள்ளை கிடைக்குமா? நடந்தால் பிட்டத்தில் நோகுது என்று சொல்றா, அதுவும் இதாலயா?

பதில்: பழுதாகாது. நாடியைக் கட்டியது இன்னொரு பிள்ளை உண்டாவதற்கும் தடையில்லை. இப்படிக் கட்டிய பெண்கள் பின்னர் கருவுற்று நிறைமாதப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.

உள் இலியாக் நாடி இடுப்பின் பின்பக்க மூட்டுக்கு முன்னால் தொடங்கி இடுப்புக் குழிக்குள் இறங்குகிறது. அதன் சோடியான வெளி இலியாக் நாடி காலுக்குப் போகிறது. உள்ளே இறங்கிய நாடி சில சென்ரிமீற்றர் தூரத்திலேயே பின்பிரிவு, முன்பிரிவு என்று இரண்டாகிறது. பின்பிரிவின் மூன்று கிளைகளும் உறுப்புகளுக்கானவை அல்ல. ஒன்று முதுகின் அடித் தசைகளுக்கும், இன்னொன்று திருவெலும்புப் பக்கத்துக்கும், பெரியதான மேல் பிட்ட நாடி பிட்டத் தசைகளுக்கும் போகின்றன. முன்பிரிவில்தான் சிறுநீர்ப்பையின் மேற்பகுதிக்கான கிளை, கருப்பை நாடி, யோனி நாடி, நேர்குடலின் நடுப்பகுதிக்கான கிளை ஆகியவை இருக்கின்றன. தொடையின் உட்பக்கத்துக்கும், பிட்டத்தின் கீழ்ப்பகுதிக்கும், பிறப்புறுப்பின் வெளிப்பகுதிக்கும் மலவாயைச் சுற்றியுள்ள பகுதிக்கும் போகும் கிளைகளும் அதிலிருந்தே வருகின்றன.

இந்தக் கிளைகளில் பல, வேறு வழியாக வரும் நாடிகளோடு நுனியில் கைகோத்திருக்கின்றன. கருப்பை நாடி, பெருநாடியில் இருந்து நேரே வரும் சூலக நாடியோடு சேர்கிறது. நேர்குடலின் நடுக் கிளை, குடலுக்கான நாடியில் இருந்து இறங்கும் மேல் கிளையோடு சேர்கிறது. பின்பிரிவின் கிளைகளுக்கு முதுகுப் பக்க நாடிகள் துணை. அதனால் மேலே கட்டுப் போட்டதும் இந்த இணைப்புகள் வழியாக, சில இடங்களில் எதிர்த்திசையில்கூட, இரத்தம் உள்ளே வந்துவிடுகிறது.

அப்படியென்றால் இரத்தப்போக்கு எப்படி நின்றது? 1960களில் பர்ச்செல் என்ற அமெரிக்க மருத்துவர் இதை அளந்தார். இரண்டு பக்கமும் கட்டினால் இரத்த ஓட்டம் ஏறக்குறைய பாதியாகத்தான் குறைகிறது. ஆனால் ஒவ்வொரு துடிப்போடும் வரும் உந்துதல் 85 வீதம் குறைந்துவிடுகிறது. வான் பாயும் வேகத்தில் உடைப்பில் போட்ட மண்மூட்டை நிற்காது, வேகம் தணிந்தால் நிற்கும். இரத்தக் கட்டியும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. உறுப்பு உயிரோடு இருக்கப் போதுமான இரத்தமும் போய்க்கொண்டே இருக்கிறது.

இனி பிட்ட வலி. பின்பிரிவைத் தவிர்க்க, உள், வெளி இலியாக் நாடிகள் பிரியும் இடத்தில் இருந்து சில சென்ரிமீற்றர் கீழே தள்ளிக் கட்டுவதே நல்ல முறை. அவசரத்தில், இரத்தம் நிறைந்த குழிக்குள் பின்பிரிவு எல்லா நேரமும் கண்ணுக்குத் தெரியாது, அதனால் மேலேயே கட்டுப் போட வேண்டி வரலாம். அப்போது மேல் பிட்ட நாடியிலும் ஓட்டம் குறையும். அந்த வலிக்கு ஓர் அடையாளம் உண்டு: உட்கார்ந்திருக்கையில் இருக்காது, குறிப்பிட்ட தூரம் நடந்ததும் இறுக்கிப் பிடிக்கும், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடும். மாறாக, படுக்கையில் புரளும்போதும் படி ஏற ஒரு காலைத் தூக்கும்போதும் குத்தினால், அது பெரும்பாலும் பிரசவத்தோடு தளர்ந்த இடுப்பு மூட்டின் வலி. நாலு மாதம் கடந்த பிறகும் இதுதான் கூடுதலாகக் காணப்படுவது. தங்கச்சியிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். முதல் வகை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். கால் குளிர்வது, வெளிறுவது, பாதத்தில் துடிப்பு இல்லாமல் போவது என்பவை தவறி வெளி இலியாக் நாடியைக் கட்டியதற்கான அறிகுறிகள். அவை சத்திரசிகிச்சை முடிந்த உடனேயே தெரியவரும், நாலு மாதம் காத்திருக்காது.

நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வது, சிறுநீரகத்தில் இருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்கானை. அது உள், வெளி இலியாக் நாடிகள் பிரியும் இடத்தை ஒட்டியே கடந்து இறங்குகிறது. பிறகு கருப்பைக் கழுத்துக்கு ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் பக்கத்தில் கருப்பை நாடிக்கு அடியால் போகிறது. இரண்டு இடத்திலும் தையலில் அகப்படக்கூடும். விலாவில் ஒரு பக்கமாக விடாத வலி, குளிரோடு காய்ச்சல், யோனி வழியாக அடக்க முடியாமல் நீர் கசிவது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும், சிறுநீரகத்தை ஒரு முறை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது.

அடுத்த பிள்ளைக்கு ஒன்றரை இரண்டு வருடம் இடைவெளி விடுங்கள். அது சிசேரியன் தையலுக்காக. நாள் தள்ளிப்போனதும் மருத்துவிச்சியிடம் பதிந்து, முதல் கிளினிக்கிலேயே அந்த டயக்னோசிஸ் காட்டைக் காட்டுங்கள். ஒரு முறை இப்படி இரத்தம் போனவருக்கு மறுமுறையும் போகும் வாய்ப்பு கூடுதல். நாடியைக் கட்டியாகிவிட்டது, இனிப் போகாது என்று இருந்துவிடாதீர்கள். இரத்த வங்கியும் மகப்பேற்று நிபுணரும் இருக்கும் வைத்தியசாலையில்தான் பிரசவம் நடக்க வேண்டும்.