வெள்ளைச் சட்டையில் ஏறிய சிவப்பு

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மனைவி சேலம் போய் ஒரு வாரம் ஆகிறது. ஐம்பது வயதில் முதல் தடவையாகத் துணி துவைக்கிறேன். பையனின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகளோடு புதுச் சிவப்புத் துண்டையும் நேற்று ராத்திரி ஊறவைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மூன்று சட்டையும் ரோஸ். மற்ற துணிகளும் காய்ந்ததும் அட்டை மாதிரி ஆகிவிடுகின்றன. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். என்ன செய்வது? – பென்னாகரம் வாசகர்

பதில்: சட்டைகள் இன்னும் ஈரமாக இருந்தால் அப்படியே வைத்திருங்கள். வெயிலில் போட வேண்டாம், இஸ்திரியும் வேண்டாம். காரிமங்கலத்தில் இருக்கும் என் அண்ணனுக்கும் அண்ணி ஊருக்குப் போயிருந்தபோது இதுவேதான் நடந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் என்று ஒரு சட்டையை மட்டும் அவசரமாகக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டார். ஈரமாக விட்ட மற்ற இரண்டும் வெள்ளைக்குத் திரும்பின. இஸ்திரி போட்டதில் மட்டும் மங்கலான ரோஸ் கடைசிவரை நின்றது. காயும்போது சாயம் இழைக்குள் இறங்கிவிடுகிறது, சூடு அதை இன்னும் பிடித்துவைக்கிறது.

இப்போது சட்டையின் தையல் நூலைப் பாருங்கள். துணி ரோஸாகியும் நூல் வெள்ளையாகவே இருந்தால் நல்ல அறிகுறி. தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். பருத்தித் துண்டின் சாயம் பாலியெஸ்டரில் ஏறாது. பள்ளிச் சட்டைத் துணியும் பெரும்பாலும் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்ததுதான். அதனால் பாதி இழையில்தான் சாயம் ஒட்டியிருக்கும், எடுப்பதும் சுலபம்.

துண்டைத் தனியாக எடுத்துவிட்டு, சட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் சாயம் வருவது நிற்கும்வரை அலசுங்கள். பிறகு பிளாஸ்டிக் பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில் ஐந்து லிட்டர் வெந்நீர் எடுத்து, கடையில் கறை நீக்கும் தூளாக விற்கும் ஆக்சிஜன் பிளீச்சை டப்பாவில் சொன்ன அளவுக்குக் கரையுங்கள். சட்டைகள் முழுதும் முங்கும்படி நான்கு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் ரோஸானால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நிறம் மிச்சமிருந்தால் புதுக் கரைசலில் இன்னொரு முறை. அண்ணனுக்கு இரண்டு முறை ஆனது. மூக்கில் ஏறும் நெடியுள்ள குளோரின் பிளீச்சை நான் சொல்ல மாட்டேன். சட்டைப்பையில் தைத்த பள்ளிச் சின்னத்தின் நிறத்தை அது தின்றுவிடும். எந்த பிளீச்சோடும் வினிகரையோ பாத்ரூம் ஆசிடையோ கலக்கவே கூடாது. குளோரின் பிளீச்சோடு சேர்ந்தால் விஷவாயு வரும்.

துணி அட்டையாவதற்குக் காரணம் போர் தண்ணீர். நம் தருமபுரிப் பக்கம் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு நினைவுக்கு வரும், ஆனால் இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துணியைக் கெடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, பெரும்பாலும் அந்தக் கால்சியம்தான். அது சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறி இழையில் ஒட்டிக்கொள்ளும். நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் சோப்புப் போடுவோம், பிசுக்கு இன்னும் கூடும். அண்ணன் பக்கெட்டுக்கு மூன்று கை தூள் போட்டுக்கொண்டிருந்தார்!

சோப்புத் தூளைக் கூட்டாமல் தண்ணீரை முதலில் சரிசெய்ய வேண்டும். பக்கெட் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டால், கால்சியத்தில் பெரும்பகுதி அதோடு சேர்ந்து பிரிந்துவிடும், தண்ணீர் லேசாகக் கலங்கும். அதற்குப் பிறகு தூள் போடுங்கள், வழக்கமான அளவில் பாதியே போதும். ஆப்ப சோடா இந்த வேலையைச் செய்யாது. சலவை சோடா கையை அரிக்கும் என்பதால் உறை போட்டுக்கொள்ளுங்கள். மனைவியின் பட்டுப்புடவைப் பக்கம் இதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

அலசுவதை இரண்டு முறையாவது செய்யுங்கள். வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது என்றால், கடைசி அலசலுக்கு மட்டும் அதில் ஒரு பக்கெட் ஒதுக்கினால் போதும், துணி மெத்தென்று காயும்.

அப்புறம் அந்தச் சிவப்புத் துண்டு. சாயம் விடாது என்று தெரியும்வரை அதைத் தனியாகவே துவையுங்கள், ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள். நனைத்த துண்டின் ஓரத்தைப் பழைய வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டாத நாளில்தான் மற்ற கலர் துணிகளோடு அதைச் சேர்க்கலாம். வெள்ளைத் துணியோடு அப்போதும் வேண்டாம்.