கல்யாணம் நவம்பரில், பாலிசி ஜூலையில்: மனைவியை நடுவில் சேர்ப்பது எப்படி?

"நவம்பர் 27 அன்று தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் எனக்குத் திருமணம் நடந்தது. எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து 2021 ஜூலை முதல் 5 லட்சம் ரூபாய்க்கு என் பெயரில் ஃபேமிலி ஃப்ளோட்டர் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ஓடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மனைவியைச் சேர்க்க வேண்டும் என்றால் ஏஜென்ட், 'பழசை விட்டுட்டு மூணு பேருக்கும் புதுசா போட்டுடலாம் சார். இதுலயே சேர்க்கணும்னா 6,460 ரூபாய், மேரேஜ் சர்டிபிகேட்டும் வேணும்' என்கிறார். சர்டிபிகேட் வாங்கித் தர ஒரு புரோக்கர் 4,000 ரூபாய் கேட்கிறார். மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள். அதை எழுத வேண்டாம் என்றும் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது?"
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

புதுப் பாலிசிக்கான படிவம் எதிலாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், இன்றே திரும்பக் கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் உங்கள் அம்மாவின் சர்க்கரை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பாலிசியில் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. இப்போதைய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம். நீங்கள் 2021 முதல் விடாமல் கட்டி வருவதால் அம்மா அதைத் தாண்டிவிட்டார். நாளை சர்க்கரையால் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பாலிசி பேசும். பழையதை விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டால் அம்மாவுக்கு மறுபடி முதல் நாள். அது மட்டுமல்ல, ஒரு பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய 'நீங்கள் அதைச் சொல்லவில்லை, இதைச் சொல்லவில்லை' என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. உங்களுக்கும் அம்மாவுக்கும் அந்த 60 மாதம் வருகிற ஜூலையில் முடிகிறது. இதைத்தான் உங்கள் ஏஜென்ட் 'புதுசா போட்டுடலாம்' என்று தூக்கிப் போடச் சொல்கிறார். புதுப் பாலிசி எழுதினால் அவர் கணக்கில் ஒரு புது வியாபாரம். இருக்கும் பாலிசியில் ஒரு பெயர் சேர்த்தால் அவருக்கு அலைச்சல்தான் மிச்சம்.

இருக்கும் பாலிசியில் நடுவில் பெயர் சேர்த்துக் கம்பெனி தரும் திருத்தத் தாளுக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். பிறந்த குழந்தை, புதிதாக மணமான துணை, இந்த இருவரையும் ஆண்டின் நடுவிலேயே சேர்க்கப் பெரும்பாலான பாலிசிகள் இடம் தருகின்றன. ஆனால் கெடு உண்டு. சிலவற்றில் திருமணத்திலிருந்து 30 நாள், சிலவற்றில் 45, 60, 90. பாலிசி புத்தகத்தில் எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பிடியுங்கள். 45 நாள் என்றால் உங்களுக்கு ஜனவரி 11 வரைதான். தவறினால் ஜூலையில் புதுப்பிக்கும்போதுதான் சேர்க்க முடியும். அதுவரை உங்கள் மனைவிக்கு இந்தப் பாலிசியில் எதுவும் கிடையாது.

சரி, பணம். ஃப்ளோட்டரில் பிரீமியத்தைப் பெரும்பாலும் இரண்டு விஷயம் தீர்மானிக்கும். குடும்பத்தில் மூத்தவரின் வயது ஒன்று, எத்தனை பேர் என்பது மற்றொன்று. உங்கள் வீட்டில் மூத்தவர் 58 வயது அம்மா. 27 வயது மனைவி வந்ததால் அந்த வயது மாறப் போவதில்லை, தலை ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். நீங்கள் அனுப்பிய தாளின்படி வரி நீங்கலாக இரண்டு பேருக்கு ஆண்டுக்கு 21,400 ரூபாய், மூன்று பேருக்கு 26,875. வித்தியாசம் 5,475. இது முழு ஆண்டுக்கான வித்தியாசம். 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சரியாக 15 ரூபாய்.

உங்கள் பாலிசி ஜூலை 11 வரை. ஜனவரி 5 அன்று மனைவி பெயர் ஏறுகிறது என்று வையுங்கள். அன்றிலிருந்து ஜூலை 11 முடிய 188 நாள். 188 பெருக்கல் 15, ஆக 2,820 ரூபாய். நாள் கணக்கில் வசூலிக்கும் பாலிசியில் நீங்கள் கட்ட வேண்டியது இவ்வளவுதான்.

ஏஜென்ட் சொன்ன 6,460 எங்கிருந்து வந்தது? முழு ஆண்டு வித்தியாசமான 5,475-ஓடு 18 சதவீத ஜிஎஸ்டி 985 சேர்த்தால் அந்தத் தொகைதான் வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு, ஃப்ளோட்டரும் சேர்த்து, ஜிஎஸ்டி கிடையாது. ஜூலையில் நீங்கள் கட்டிய வரி போனதுதான், அது திரும்பாது. ஆனால் இப்போது கட்டும் தொகைக்கு வரி என்று யாராவது கேட்டால், 'எந்த ரசீதில் காட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். பணத்தை ஏஜென்டின் ஜிபே எண்ணுக்கு அனுப்ப வேண்டாம். கம்பெனியின் தளத்தில் அல்லது கம்பெனி அனுப்பும் லிங்கில் மட்டும் கட்டுங்கள்.

அடுத்து சர்டிபிகேட். சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆசாமிக்கு 4,000 ரூபாய் எதற்கு? tnreginet.gov.in தளத்தில் நீங்களே விண்ணப்பத்தை நிரப்பி, நாள் குறித்துக்கொள்ளலாம். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், உங்களுக்கு அது பிப்ரவரி 25 வரை. அதற்கப்புறம் இன்னொரு 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு. அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள், சாட்சிகள் எல்லாம் அன்று கையில் இருக்க வேண்டும். சர்வர் படுத்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று ஒரு தடவையாவது சொல்வார்கள். அந்த எரிச்சலில்தான் ஜனங்கள் புரோக்கரிடம் போகிறார்கள், அவரும் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சர்டிபிகேட் தாமதமானால் இன்சூரன்ஸ் கெடு ஓடிவிடுமே என்ற கவலை நியாயம்தான். சர்டிபிகேட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அழைப்பிதழ், திருமணப் புகைப்படம், பதிவுக்கு விண்ணப்பித்த ஒப்புகை இவற்றை வைத்துக் கெடுவுக்குள் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில கம்பெனிகள் இவற்றையே ஏற்றுக்கொள்ளும். சில 'சர்டிபிகேட் வந்ததும் தாருங்கள்' என்று எழுதும். எப்படியும் நீங்கள் கேட்ட தேதிக்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கால் சென்டரில் பேசியது சாட்சி ஆகாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்: இனிஷியல். வடநாட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கு நம் இனிஷியல் இன்றுவரை புரியவில்லை. அவருடைய படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நம் பெண்ணுக்குப் பள்ளிச் சான்றிதழில் 'கே. சங்கீதா', ஆதாரில் 'சங்கீதா கே', பான் கார்டில் 'சங்கீதா குமரேசன்'. கல்யாணம் ஆன கையோடு யாரோ சொன்னார்கள் என்று ஆதாரில் கணவர் இனிஷியலுக்கு மாற்றிவிடுவார்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் இதேதான். பாலிசியில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'இது வேற ஆள் மாதிரி இருக்கே' என்றார்கள். வயிற்று வலியில் பெண் உள்ளே துடிக்கிறாள், கணவர் வெளியே நோட்டரியைத் தேடி ஓடுகிறார். கேஷ்லெஸ் கிடைக்க மாலை ஆகிவிட்டது.

ஆகவே இன்றைக்கு மனைவியின் ஆதாரில் என்ன பெயர் இருக்கிறதோ, அதே எழுத்தில், அதே வரிசையில் பாலிசியில் சேருங்கள். பிறந்த தேதியும் அதேபோல. கணவர் இனிஷியலுக்கு மாறத்தான் வேண்டும் என்றால், மாறிய வாரமே பாலிசியிலும் பெயர்த் திருத்தம் கேளுங்கள். திருமணச் சான்றிதழில் பெயர் சிறிது மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று வெள்ளைத் தாளில் இருவரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள், பெரும்பாலும் போதும். அதையும் மறுத்தால் மட்டுமே நோட்டரி.

கடைசியாகத் தைராய்டு. எழுதுங்கள். எந்த மாத்திரை, எத்தனை மைக்ரோகிராம், எந்த ஆண்டு முதல் என்பது வரை எழுதுங்கள். கம்பெனி ஒரு ரத்தப் பரிசோதனை கேட்கலாம், பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், தைராய்டுக்குக் காத்திருப்புக் காலம் போடலாம். போடட்டும். எழுதாமல் விட்டால் நாளை வேறு எதற்காகச் சேர்த்தாலும், டாக்டர் கேஸ் ஷீட்டில் 'தைராய்டு, 4 ஆண்டுகளாக' என்று எழுதுவார், கம்பெனி அந்த வரியைத்தான் முதலில் பிடிக்கும். 'எழுதாதீங்க' என்று சொன்ன ஏஜென்ட் அன்று ஃபோன் எடுக்க மாட்டார்.

மனைவிக்குக் காத்திருப்பு எல்லாம் அவர் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் தொடங்கும், உங்கள் நான்கரை ஆண்டு அவருக்குக் கணக்கில் வராது. முதல் 30 நாளில் விபத்துக்கு மட்டும்தான் கிளெய்ம். பிரசவச் செலவு தரும் பாலிசி என்றால் அதன் காத்திருப்பும் அன்றுதான் ஆரம்பம். ஆறு மாதம் முன்னால் சேர்ப்பதில் லாபம் இதுதான். 5 லட்சம் என்பது இனி மூன்று பேருக்கும் பொது என்பதையும் மனதில் வையுங்கள். ஜூலையில் அம்மாவை அதே கம்பெனியில், பழைய காலக் கணக்கு தொடரும்படி, தனிப் பாலிசிக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்கள் இருவருக்கும் மூத்தவர் வயது 31 ஆகிவிடும்.

பணம் கட்டிய ரசீதோடு நின்றுவிடாதீர்கள். எண்டார்ஸ்மென்ட் தாள் வந்ததும் பெயர், பிறந்த தேதி, உறவு, சேர்ந்த தேதி, தைராய்டு விவரம் ஐந்தையும் விரல் வைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் எழுதாமலே 'புகார் முடிக்கப்பட்டது' என்று எஸ்எம்எஸ் அனுப்புவார்கள், அதில் சாமர்த்தியசாலிகள். bimabharosa.irdai.gov.in தளத்தில் பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.