டசின் கணக்கில் புள்ளி வைக்காதீர்கள்

கேள்வி: புதிதாகக் கடை போட்டிருக்கிறேன். மொத்தக் கடையில் டசின், குறோஸ் என்று எடுக்கும் பொருளைத் தனி எண்ணிக்கைக்கு மாற்றிக் கணினியில் போட்டால், வந்து இறங்கும் பொருளோடு ஒத்துவருவதில்லை. எப்படிச் சரியாக மாற்றுவது?

ஒரு டசினுக்கு 12, ஒரு குறோசுக்கு 12 டசின், அதாவது 144. இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெருக்கத் தெரியாமல் யாரும் கடை திறப்பதில்லை. உங்கள் கணக்கு பிழைக்கும் இடம் பெரும்பாலும் புள்ளியாகத்தான் இருக்கும். டசின் எண்ணிக்கையில் நீங்கள் புள்ளி வைத்து எழுதுகிறீர்கள், அல்லது உங்களுக்குப் பொருள் அனுப்புகிறவர் எழுதுகிறார்.

திருகோணமலை மத்திய வீதியில் எங்கள் குடும்பம் பாடசாலைப் பொருட்கள் விற்கும் கடை வைத்திருக்கிறது. ஜனவரியில் பாடசாலை தொடங்குமுன் மூதூர், கிண்ணியா, குச்சவெளிச் சிறு கடைக்காரர்களும் எங்களிடம் வந்து எடுப்பார்கள். சரக்கு புறக்கோட்டையிலிருந்து இரவு லொறியில் வரும். அப்படி ஒரு முறை பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் 10 டசின் எடுத்தேன். டசின் 5,400 ரூபாய், ஆக ஒன்று 450. 26 போத்தல்கள் விற்றபின் மூடி கசிகிறது என்று தாய்மார் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார்கள். மீதியை எடுத்துக்கொள்வதாக மொத்தக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். 94 போத்தல்களைக் கட்டி, பெட்டியின் மேல் ‘7 டசின் 10’ என்று எழுதி அனுப்பினேன்.

திரும்பிய பொருளுக்கான சீட்டு வந்தபோது தொகை 38,340 ரூபாய் என்றிருந்தது. 94ஐ 450ஆல் பெருக்கினால் 42,300 வரவேண்டும். 3,960 ரூபாயைக் காணவில்லை. தொலைபேசியில் கேட்டேன். “அண்ணன், கணினி போட்ட கணக்கு, அது பிழைக்காது” என்றார் அங்கிருந்த இளைஞர். “தம்பி, கணினியில் என்ன எண்ணைப் போட்டீர்கள், அதை மட்டும் வாசியுங்கள்” என்றேன். “ஏழு புள்ளி ஒன்று” என்றார்.

நடந்தது இதுதான். பெட்டியில் இருந்த ‘7 டசின் 10’ஐ அவர் 7.10 என்று தட்டியிருக்கிறார். புள்ளிக்குப் பின்னால் கடைசியாக வரும் பூச்சியத்தைக் கணினி கணக்கில் எடுக்காது. 7.10உம் 7.1உம் அதற்கு ஒன்றே. ஏழு முழு டசினும் ஒரு டசினின் பத்தில் ஒரு பங்கும் என்று எடுத்து, 7.1ஐ 5,400ஆல் பெருக்கிவிட்டது. அதன் கணக்கில் நான் அனுப்பியது 85.2 போத்தல்கள். ஒரு போத்தலில் ஐந்தில் ஒரு பங்கை யார் லொறியில் ஏற்றி அனுப்புவார்கள்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும். 7.4 ஓவர் என்றால் ஏழு ஓவரும் நான்கு பந்தும். அதை 6ஆல் பெருக்கி 44.4 பந்து என்று யாரும் சொல்வதில்லை. பழைய கணக்கப்பிள்ளைகள் டசினையும் அப்படித்தான் எழுதினார்கள். நடுவில் கோடு போட்டு 7-10 என்று எழுதியவரை ஆபத்தில்லை. அந்தக் கோடு கணினிக்குள் போகும்போது புள்ளியாக மாறியதுதான் வினை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டசின் எண்ணிக்கை புள்ளியோடு வந்தால் 12ஆல் பெருக்கிப் பாருங்கள். முழு எண் வரவில்லையென்றால் அது பெரும்பாலும் தசமப் பின்னம் அல்ல, புள்ளிக்குப் பின்னால் இருப்பது தனி உருப்படிகள். தசமப் பின்னமாக எழுதினால் .25, .5, .75 ஆகிய மூன்றுக்கு மட்டுமே முழு உருப்படி வரும்: 3, 6, 9. இவற்றில் .5 மிகவும் மோசமானது. 7.5 என்பது ஏழரை டசின் என்றால் 90, ஏழு டசினும் ஐந்தும் என்றால் 89. இரண்டும் முழு எண்கள், வித்தியாசம் ஒன்றே ஒன்று. அதனால் யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக் கணக்கெடுப்புவரை போய்விடும். அந்த இடத்தில் எழுதியவரைத்தான் கேட்க வேண்டும், வேறு வழியில்லை.

‘இந்தக் காலத்தில் குறோஸ் எங்கே இருக்கிறது, எல்லாம் நூறு நூறாகத்தானே வருகிறது’ என்று சிலர் கீழே எழுதுவார்கள் என்று தெரியும். பொத்தான், ஊசி, பென்சில் மொத்தமாக எடுத்துப் பார்த்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள். நல்ல மென்பொருளில் இந்தச் சிக்கல் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் சிறு கடைக்காரர் எக்செல் அட்டவணையில்தான் எழுதுகிறார், நான் அவருக்குத்தான் சொல்கிறேன்.

அட்டவணையில் குறோசுக்கு ஒரு நிரல், டசினுக்கு ஒன்று, தனிக்கு ஒன்று வையுங்கள். மூன்றிலும் முழு எண் மட்டும் இருக்கட்டும். A, B, C அந்த மூன்று என்றால் D நிரலில் மொத்த உருப்படி வரும்:

```
=A2*144+B2*12+C2
```

கையிருப்பை எண்ணிவிட்டுத் திரும்ப குறோஸ், டசின், தனி என்று பிரிக்க வேண்டுமானால், வேறோர் அட்டவணையில் எண்ணிய மொத்தத்தை D2இல் போட்டு, E, F, G நிரல்களில் முறையே இந்த மூன்றையும் எழுதினால் போதும்:

```
=INT(D2/144)
=INT(MOD(D2,144)/12)
=MOD(D2,12)
```

D2இல் 500ஐப் போட்டுப் பாருங்கள். 3 குறோஸ், 5 டசின், 8 தனி என்று வரும். விலையையும் எப்போதும் D நிரலோடு, ஒன்றின் விலையால் பெருக்குங்கள்.

அந்தச் சீட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். என் 3,960 ரூபாய் அடுத்த பில்லில் கழிந்தது. ஆனால் அதைக் கேட்க என்னிடம் சீட்டு வாசிக்கும்படி இருந்ததே அதிர்ஷ்டம். இப்போது எல்லோரும் சூட்டில் அச்சாகும் அந்த வழுவழுத் தாளில்தான் பில் தருகிறார்கள். எங்கள் ஊர் வெயிலில் மேசை லாச்சிக்குள் வைத்தாலும் எழுத்து மங்கிப் போகிறது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர் மையால் அச்சிட்ட ஒரு தாள் தரக் கூடாதா? வந்த அன்றே படியெடுத்து வைத்துவிடுங்கள்.

இனி, எண்ணிக்கை சரியாக எழுதியும் பொருள் குறைகிறதென்றால் பெரிய பெட்டியைத் திறந்து பாருங்கள். பென்சில் சிறு பெட்டியில் 12 இருக்கும். 12 சிறு பெட்டிகள் சேர்ந்த பெரிய பெட்டி ஒரு குறோஸ். ஆனால் 10 சிறு பெட்டிகளோடு வரும் பெரிய பெட்டிகளும் உண்டு, அவற்றில் 120தான். குறோஸ் 2,880 ரூபாய் என்று பேசி, ஒன்று 20 ரூபாய் என்று நினைத்து 5 குறோஸ் கேட்கிறீர்கள். அங்கே கட்டுகிற பையன் பெரிய பெட்டி என்றாலே குறோஸ் என்று எண்ணி ஐந்தைக் கட்டிவிடுகிறான். 14,400 ரூபாய்க்கு உங்களுக்கு வருவது 600 பென்சில்கள். ஒன்று 24 ரூபாயாகிவிட்டது, உங்கள் இலாபமே அந்த நான்கு ரூபாயாக இருக்கலாம். 120 அடங்கிய பெட்டியானால் 5 குறோசுக்கு ஆறு பெட்டிகள் வரவேண்டும். அதனால் தொலைபேசியில் சொல்லும்போது ‘5 குறோஸ், 720 பென்சில்’ என்று இரண்டையும் சொல்லுங்கள், பில்லிலும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.