ஒரே சோதனை வைத்தும் நான் பேட்டரியில் சறுக்கிய கதை

கேள்வி: “பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் வரும் இரண்டு போன்களை ஒன்றரை நிமிட வீடியோவில் ஒப்பிட்டேன். இரண்டுக்கும் ஒரே சோதனைகளைத்தான் வைத்தேன். இருந்தும் ஒருதலைப்பட்சம் என்று கமென்ட் வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?”

அநேகமாக, கேமராவை எடுப்பதற்கு முன்பே தவறு நடந்திருக்கும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

என்னிடம் இருந்த இரண்டு போன்களில் ஒன்று நீல நிறம், எல்சிடி திரை. மற்றது கறுப்பு, அமோலெட் திரை. இரண்டிலும் 5000 எம்.ஏ.எச் பேட்டரி. இரண்டிலும் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, ஒரே திரைப்படத்தை மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். நீலம் 19 சதவீதம் இறங்கியது, கறுப்பு 13. ‘கறுப்புக்கே வெற்றி’ என்று பெரிய எழுத்தில் போட்டு வெளியிட்டேன். மறுநாள் ஒருவர் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதியிருந்தார்: “நீல போனின் மேல் ஓரத்தில் டவுன்லோடு அம்புக்குறி தெரிகிறது. அதன் திரையும் பக்கத்துத் திரையைவிட வெளிச்சமாக இருக்கிறதே?” இரண்டும் உண்மை. வீடியோவை நீக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் அந்த அம்புக்குறி. புதிய போனைப் பெட்டியிலிருந்து எடுத்து கணக்கை இணைத்ததும், அது பின்னணியில் செயலிகளைப் புதுப்பிக்கும், புகைப்படங்களை ஒத்திசைக்கும், தேடலுக்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும். அந்த நேரத்தில் வைக்கும் எந்தச் சோதனையும் பாழ். கறுப்பை நான் ஒரு வாரம் முன்பே வாங்கியிருந்தேன், நீலம் அன்று காலையில்தான் வந்தது. இப்போது இரண்டையும் ஒரே நாளில் தயார் செய்து, அதே செயலிகளை நிறுவி, எல்லாம் புதுப்பித்து முடிந்த பிறகு ஓர் இரவு முழுக்க சார்ஜரில் விட்டுவிடுகிறேன். மறுநாள்தான் சோதனை. ஒன்றில் சிம் போட்டு மற்றதில் போடாமல் விடுவதும் இதே வகைத் தவறுதான். சிக்னல் மோசமான அறையில் சிம் உள்ள போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். இரண்டு போன்களிலும் வெளிச்ச ஸ்லைடரைப் பாதியில் நிறுத்தினால் இரண்டும் ஒரே அளவு ஒளிரும் என்று நினைக்கிறோம். அந்தப் பாதி ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு அளவு. கருவி வாங்காமலே இதைச் சமன் செய்யலாம். வெறும் வெள்ளைப் படம் ஒன்றை இரண்டு போன்களிலும் முழுத்திரையில் திறந்து, தானாக மாறும் வெளிச்சத்தை அணைத்து, இரண்டையும் ஒட்டி வையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். மூன்றாவது போனின் கேமராவை நேர் மேலே பிடித்து, அதன் திரையை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் கேமரா தானே சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, ஏனெனில் ஒரு திரையின் வெண்மை நீலம் கலந்தும் மற்றதன் வெண்மை மஞ்சள் கலந்தும் இருக்கும், கண் அதில் குழம்பிவிடும். பக்கவாட்டிலிருந்து பார்க்காதீர்கள், சாய்வாகப் பார்த்தால் பல எல்சிடி திரைகள் மங்கும். இப்போது வெளிச்சமான போனை இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்வரை இறக்குங்கள். என் நீல போன் பாதியிலிருந்து கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கிய பிறகுதான் கறுப்பின் பாதிக்குச் சமமானது.

மூன்றாவதாக ஒன்று மிச்சம் இருந்தது, அதை அந்த கமென்ட் எழுதியவரும் கவனிக்கவில்லை. நான் ஓடவிட்ட படத்தில் பாதிக்கு மேல் இரவுக் காட்சிகள். அமோலெட் திரையில் கறுப்பாகத் தெரியும் புள்ளி கிட்டத்தட்ட அணைந்தே இருக்கும், எல்சிடியிலோ பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஆக, படத்தைத் தேர்ந்தெடுத்தபோதே தீர்ப்பையும் எழுதிவிட்டேன். அடுத்த முறை பகலில் எடுத்த சமையல் வீடியோக்களை இறக்கிவைத்து, ஏரோபிளேன் மோடில், இரண்டிலும் ஒரே பிளேயரில் ஓட்டினேன். 100 சதவீதத்தில் ஆரம்பிக்கவில்லை. சில போன்கள் அந்த நூறிலேயே வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் 90-இல் ஆரம்பித்தேன். மூன்று மணி நேரத்தில் நீலம் 14, கறுப்பு 15. ஒரு சதவீதம் என்பது அளவீட்டிலேயே வரக்கூடிய பிசகு, அதை வித்தியாசம் என்று சொல்லக்கூடாது. ‘சமம்’ என்றே போட்டேன். முதல் வீடியோவின் பரபரப்பு இதில் இல்லை, பார்த்தவர்களும் குறைவு.

செயலி திறக்கும் வேகத்துக்கு வருகிறேன். இரண்டு போன்களையும் ஒரே சட்டத்தில் வைத்து, இரு கை விரல்களால் ஒரே நேரத்தில் தட்டுவது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இரண்டு விரலும் ஒரே கணத்தில் படுவதில்லை. நான் நொடிக்கு 60 ஃப்ரேமில் படம்பிடித்து, எடிட்டிங்கில் விரல் திரையைத் தொட்ட ஃப்ரேமிலிருந்து செயலி முழுதாக வந்த ஃப்ரேம் வரை ஒவ்வொரு போனுக்கும் தனியாக எண்ணுகிறேன். 6 ஃப்ரேம் என்றால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஒரே செயலியை ஐந்து முறை திறந்து, நடுவில் வரும் எண்ணைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் செட்டிங்ஸில் போய் Force stop கொடுக்க வேண்டும். சமீபத்திய செயலிகள் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவது எல்லா போன்களிலும் செயலியை முழுதாக நிறுத்துவதில்லை, இரண்டாவது முறை சட்டென்று திறந்துவிடும். ஒரு போனை வெயிலில் இருந்து கொண்டுவந்து சூட்டோடு வைத்தாலும் அது பின்தங்கலாம். அதனால் இரண்டும் ஒரே மேசையில் அரை மணி நேரம் கிடக்கட்டும்.

இடையில் ஒரு விஷயம்: 90 ஹெர்ட்ஸ் திரைக்கும் 120 ஹெர்ட்ஸ் திரைக்கும் உள்ள வழுவழுப்பு வித்தியாசத்தை 60 ஃப்ரேம் வீடியோவில் காட்ட முடியாது. நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள், அல்லது அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரித்து, இரண்டையும் துடைத்துவிடுங்கள். டிரைபாடில் ஒரே இடம், மேகம் நகர்வதற்குள் அடுத்தடுத்து. ஒவ்வொன்றிலும் மூன்று படங்கள் எடுத்து அழகானதைப் பொறுக்கினால் அங்கேயே சாய்வு வந்துவிடும். முதலில் எடுத்ததைத்தான் காட்டுவேன் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது சுருக்கிவிடும். கேபிள் போட்டு எடுங்கள். பெரிதாக்கிக் காட்டும்போது இரண்டு படத்திலும் ஒரே பொருள் ஒரே அளவில் தெரிய வேண்டும், ஏனெனில் லென்ஸ்களின் பார்வைப் பரப்பு வேறுபடும்.

ஒன்றரை நிமிடத்தில் இவ்வளவும் அடங்காது. நான் மூன்று சோதனைகளோடு நிறுத்திக்கொள்கிறேன், சார்ஜிங் வேகத்தை விட்டுவிட்டேன். நீலம் எப்போதும் இடது, கறுப்பு எப்போதும் வலது. ஒரு போனின் முடிவைத் தனியாகக் காட்டிவிட்டு வெட்டி அடுத்ததற்குப் போவதில்லை, இரண்டும் ஒரே சட்டத்தில்தான் வரும். ஒவ்வொரு சோதனையின் தொடக்கத்திலும் இரண்டு திரைகளின் மேல் ஓரமும் தெளிவாகத் தெரியும்படி இரண்டு நொடி விடுகிறேன். சந்தேகப்படுகிறவர் அங்கே நிறுத்தி நேரம், பேட்டரி, சிக்னல், டவுன்லோடு அம்புக்குறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம்.